நாற்பது சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு

(இராசபாளையத்தில், திருவில்லிபுத்தூர் மன்றங்களில் வழக்காடும் இளம் வழக்குரைஞர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊர் பஞ்சும் நூலும் அறிந்த ஊர். பொதி பொதியாக வந்திறங்கும் பஞ்சிலிருந்து கொட்டையையும் தூசியையும் நீக்கி, இழையை மட்டும் பிரித்து நூலாக்கும் வேலையை இங்குள்ளார்க்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று நான் பேச வந்ததும் அத்தகைய வேலையைப் பற்றியதே. நூறு பக்கத் தீர்ப்பொன்றைப் படித்து, அது நிலைநாட்டிய சட்டக் கருத்தை ஓரிரு வரியில் எழுதி அதன் தலைமேல் வைக்கிறோமே, அந்தத் தலைக்குறிப்பை எழுதுவது எவ்வாறு என்பதே என் பொருள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கருப்பங்கி போட்ட தொடக்க ஆண்டுகளில், கீழ்மன்றம் ஒன்றில், தீர்ப்புத் தொகுதியின் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்து நின்று முழங்கினேன். நடுவர் பொறுமையாகக் கேட்டார். பின், "தம்பி, அக்குறிப்புக்குரிய பத்தியைப் படியுங்கள்" என்றார். படித்தேன். அது மன்றத்தின் முடிவே அன்று. தோற்றுப்போன கட்சியரின் வழக்குரைஞர் எடுத்துரைத்த கூற்று! குறிப்பெழுதியவர் பத்தியின் தொடக்கத்தில் இருந்த 'என அவர் உரைத்தார்' என்பதைப் பாராமல் எடுத்து எழுதிவிட்டார். அன்றுமுதல் தலைக்குறிப்பை நம்புவதை விட்டுவிட்டு, அதனை எழுதக் கற்றுக்கொண்டேன்.

பொதுவாகத் தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதியாகாது. ஆயினும் தீர்ப்பைவிடத் தலைக்குறிப்பே மிகுதியாகப் படிக்கப்படுகிறது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நயன்மன்றத்தில் சாந்தா கிளாரா மாவட்டத்திற்கும் தொடர்வண்டிக் குழுமம் ஒன்றற்கும் இடையே வரி வழக்கு ஒன்று நடந்தது. வேலியின் மதிப்பைச் சேர்த்து வரி விதித்தது அதிகார வரம்பை மீறியது என்னும் சிறிய கரணியத்தின் மேல் அவ்வழக்கு முடிந்தது. ஆனால் எடுத்துரை தொடங்குமுன் தலைமை நடுவர் வெய்ட் வாய்மொழியாகச் சொன்ன ஒரு கருத்தை, தொகுப்பாளர் பேங்கிராஃப்ட் டேவிசு தலைக்குறிப்பில் முதலாவதாக வைத்துவிட்டார். குழுமங்களும் ஆட்களே, அவற்றுக்கும் பதினான்காம் திருத்தத்தின் காப்பு உண்டு என்பது அக்கருத்து. தீர்ப்பின் உள்ளே அக்கேள்வி முடிவு செய்யப்படவே இல்லை. ஆயினும் பின்வந்தோர் அதனை முடிந்த முடிபாகவே எடுத்தாண்டனர். தலைக்குறிப்பு மன்றத்தின் சொல்லன்று என்று அதே உச்ச நயன்மன்றம் 1906இல் வேறொரு வழக்கில் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. ஒரு தொகுப்பாளரின் இரண்டு வரி ஒரு நாட்டின் சட்டப் போக்கையே திருப்பக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடல் கடந்து செல்ல வேண்டா. நம் மண்ணின் வழக்கொன்றையே எடுத்துக்கொள்வோம். 1972 மார்ச்சு 14ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்பளித்த சேசம்மாள் வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நடுவர் பாலேகர். இவ்வழக்கைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படுவதும் தவறு. நம் எதிரணியார் மேடைகளில் சொல்லப்படுவதும் தவறு. இரு தவறுகளும் மோசமான தலைக்குறிப்பிலிருந்தே பிறந்தவை. ஆகவேதான் இதனைத் தேர்ந்தேன்.

வழக்கின் நிலை இது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தை 1970ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாற்றியது. அது 1971ஆம் ஆண்டின் 2ஆம் சட்டமாக வெளிவந்தது. முன்பு கோயில் அருச்சகர் இறந்தால் அவருடைய அடுத்த வழித்தோன்றலே அப்பணிக்கு வருவார். திருத்தத்திற்குப் பின், 55ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, முன்னவரின் அடுத்த வழித்தோன்றல் என்பதனால் மட்டும் எவர்க்கும் பணியுரிமை இல்லை என்றது. அருச்சகரும் பூசாரியும் அதில் அடங்குவர் என்று விளக்கமும் சேர்ந்தது. வழிவழி அருச்சகர்களும் பிறரும் இத்திருத்தம் சமய உரிமையைப் பறிக்கிறது என்றும், அரசமைப்புச் சட்டத்தின் 25, 26ஆம் உறுப்புகளுக்கு மாறானது என்றும் உச்ச நயன்மன்றம் சென்றனர். அவர்களுடைய முறையீடுகள் தள்ளப்பட்டன.

இனி, குறிப்பெழுத அமர்வோம். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது? சட்டம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இவ்விரு விடைகளையும் தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் தீர்ப்பின் எந்தச் சொல்லும் இம்முடிவுக்கு எவ்வாறு துணை நிற்கிறது என்பதைக் கொண்டே அளக்கப்படும்.

அடுத்து, தீர்ப்பை முதலிலிருந்து படிக்கையில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது யாருடைய குரல் என்று ஒரு சொல் எழுதுங்கள். சட்டமியற்றியோர் குரலா, முறையிட்டோர் குரலா, அரசின் குரலா, பழைய தீர்ப்பின் குரலா, இம்மன்றத்தின் சொந்தக் குரலா? இவ்வேலையைச் செய்யாதவர் சேசம்மாள் தீர்ப்பின் தொடக்கத்திலேயே வழுக்கி விழுவர். அங்கே திருத்தச் சட்டத்தின் நோக்க விளக்கம் எடுத்துக்காட்டப்படுகிறது. நம் இளையபெருமாள் தலைமையேற்ற குழு, வழிவழி அருச்சக முறையை ஒழித்து, பயிற்சி பெற்ற எவரும் சாதி பாராமல் அப்பணிக்கு வர வழிதிறக்க வேண்டும் என்று 1969இல் பரிந்துரைத்ததை அது சொல்கிறது. அரசு அதனைச் சீர்திருத்தத்தின் மேலும் ஒரு படியாக மேற்கொண்டது. பரிந்துரை குழுவின் குரல். நோக்கம் அரசின் குரல். மன்றத்தின் முடிவு அன்று. ஆயினும் இவ்வரிகளையே எடுத்துக்கொண்டு, 'எல்லாரும் அருச்சகராகலாம் என உச்ச நயன்மன்றம் தீர்ப்பு' என்று எழுதியவர் நம்மிலும் பலர். அதனைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்பொழுது மன்றத்தின் சொந்தக் குரலுக்கு வருவோம். அது மூன்று செய்திகளைச் சொல்கிறது. ஒன்று: அருச்சகரை அமர்த்துதல் உலகியற் செயல், அருச்சகர் கோயிலின் பணியாளர், அவரை அமர்த்துபவர் அறங்காவலர், வழிவழி வருதல் என்பது அமர்த்தும் முறையேயன்றி வழிபாட்டின் பகுதி அன்று. இரண்டு: 28ஆம் பிரிவின்படி அறங்காவலர் கோயிலின் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர், 55(2) அவரை விடுவிப்பது வழிவழி வருகை என்னும் வழக்கத்திலிருந்து மட்டுமே, ஆகமம் ஒரு சமயக் கிளையினரையே வேண்டுமாயின் அக்கிளையினருள் ஒருவரையே அவர் அமர்த்த வேண்டும் என்னும் கடப்பாடு நிற்கிறது. மூன்று: ஆகமம் ஒப்பாத ஒருவரின் தொடுகையால் திருவுருவம் தீட்டுப்படும் என்னும் நம்பிக்கையில் அரசு கைவைக்குமாயின், அது 25ஆம் உறுப்புக்கு முதற்பார்வையிலேயே மாறாகும்.

மூன்றாவதைக் கேட்டவுடன் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் அது உவப்பன்று. ஆயினும் குறிப்பெழுதுபவன் உவப்பைப் பார்த்தல் ஆகாது. அவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இம்மூன்றில் எது முடிவைத் தாங்கும் தூண், எது தூணில் சாத்திய கம்பு?

அதனைக் கண்டறிய ஓர் ஆய்வு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வாம்பா எடுத்துரைத்த முறை அது. தீர்ப்பில் கண்ட கருத்தை எதிர்மறையாகத் திருப்பி எழுதுங்கள். திருப்பிய பின்னும் வழக்கின் முடிவு மாறாமல் நிற்குமாயின் அக்கருத்து தீர்ப்பின் அடிப்படை அன்று; முடிவு சரியுமாயின் அதுவே அடிப்படை.

செய்து பார்ப்போம். 'அருச்சகரை அமர்த்துதல் சமயச் செயல்' என்று முதற்கருத்தைத் திருப்புங்கள். அப்படியாயின் வழிவழி முறையை நீக்குதல் சமயத்தில் தலையிடுவதாகும், சட்டம் விழும். ஆகவே முதற்கருத்து தூணே. 'ஆகமக் கிளையினரிலிருந்து தேரவேண்டும் என்னும் கடப்பாட்டையும் 55(2) ஒழிக்கிறது' என்று இரண்டாவதைத் திருப்புங்கள். மூன்றாவதாக மன்றம் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், அப்பொழுதும் சட்டம் நிற்பது அரிதாகும். மன்றம் சட்டத்தைக் காத்ததே அதனை இவ்வாறு குறுக்கிப் படித்ததனால்தான். ஆகவே இரண்டாவதும் தூணே. மூன்றாவது, வராத ஒரு சட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை. இரண்டாவதற்கு அரணாக நிற்பது. தனித்து நின்று இவ்வழக்கை முடிவு செய்யவில்லை. குறிப்பில் அதற்குத் தனி வரி வேண்டா.

இன்னொன்றையும் திருப்பிப் பாருங்கள். 'இன்ன கோயிலில் இன்ன குடும்பத்தாருக்கே ஆகமப்படி தனியுரிமை உண்டு' என்று எதிரணியார் இத்தீர்ப்பின் பெயரால் சொல்கிறார்களே, அதனைத் திருப்பினால் சேசம்மாள் வழக்கின் முடிவு மாறுமோ? மாறாது. எந்த ஆகமம் யாரை வேண்டுகிறது என்பது அவ்வழக்கில் முடிவு செய்யப்படவே இல்லை. ஆகவே அதுவும் தலைக்குறிப்பில் ஏறக்கூடாது.

இது நானாகச் சொல்வதன்று. தகுதியும் பயிற்சியும் உடைய எந்த இந்துவும் அருச்சகராகலாம் என்று தமிழ்நாட்டரசு 2006 மே 23ஆம் நாள் அரசாணை வெளியிட்டது. அதனை எதிர்த்து ஆதிசைவச் சிவாச்சாரியார்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நயன்மன்றம் 2015 திசம்பர் 16ஆம் நாள் தீர்ப்பளித்தது. இரு தரப்பாரும் சேசம்மாள் தீர்ப்பையே தத்தமக்குத் துணையாகக் காட்டினர். மன்றம் அதனை மீண்டும் படித்து, குறிப்பிட்ட ஒரு கிளையினர்க்குத் தனியுரிமை உண்டோ என்னும் கேள்விக்குச் சேசம்மாள் தீர்ப்பு சான்றாகாது என்றது. ஆகமப்படியே அமர்த்தவேண்டும், ஆனால் எது ஆகமம் என்று உரியவாறு நிறுவப்படவேண்டும், அரசமைப்புச் சட்டத்துக்கும் அது ஒத்திருக்க வேண்டும், வழக்குதோறும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று முடித்தது. 1972இல் எழுந்த குழப்பத்தை நீக்க 43 ஆண்டுகள் கழித்து இன்னொரு தீர்ப்பு வேண்டியிருந்தது. நாமும் அவர்களும் அன்றே சரியான தலைக்குறிப்பை மனத்தில் வைத்திருந்தால் இத்தனை ஆண்டுகள் வெற்றுக் கூச்சலில் கழிந்திரா.

இனி எழுதும் வேலை. இங்கேதான் நம் தமிழ் கைகொடுக்கும்; கவனியாவிடின் காலையும் வாரும். மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, 'மட்டும்' என்னும் சொல். 'அடுத்த வழித்தோன்றலுக்குப் பணியுரிமை இல்லை' என்று ஒருவர் எழுதினார். நான்கே சொல், சுருக்கம் அழகுதான். ஆனால் பொருள் கெட்டது. அருச்சகரின் மகன் அருச்சகராகவே கூடாது என்றாகிவிட்டது. சட்டம் சொல்வது அதுவன்று. 'வழித்தோன்றல் என்பதனால் மட்டும் உரிமை இல்லை' என்கிறது. தகுதி உடையவனாயின் மகனும் வரலாம்; மகன் என்னும் ஒன்றே தகுதியாகாது. 'மட்டும்' என்பதை வெட்டினால் சட்டமே வேறாகிறது. சுருக்கும்போது முதலில் வெட்டத் தோன்றுவது இத்தகைய சிறு சொற்களையே. வெட்டவே கூடாதவையும் அவையே.

இரண்டாவது, வினைமுற்று. 'அமர்த்தக் கூடாது', 'அமர்த்த வேண்டியதில்லை' ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முன்னது தடை, பின்னது விடுவிப்பு. 55(2) அறங்காவலரை ஒரு கடமையிலிருந்து விடுவித்தது. எதனையும் செய்யாதே என்று தடுக்கவில்லை. தீர்ப்பு விடுவித்ததா, தடுத்ததா, கட்டளையிட்டதா, இசைவளித்ததா என்பதை முடிவு செய்த பின்னரே வினைமுற்றை எழுதுங்கள்.

மூன்றாவது, வரம்பை வைக்கும் இடம். 'திருத்தம் செல்லும், ஆனால் ஆகமக் கிளையினரையே அமர்த்த வேண்டும்' என்று எழுதினால், படிப்பவன் தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்வான். நம்மவர் 'ஆனால்' என்பதற்கு முன்னால் வெட்டுவர். எதிரணியார் அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுப்பர். நம் மொழியிலோ முற்று இறுதியில் வருகிறது. வரம்பை எச்சமாக்கி முற்றுக்கு முன்னால் வைத்துவிட்டால், அதனைக் கடக்காமல் எவனும் 'செல்லும்' என்னும் சொல்லை அடைய முடியாது. ஆங்கிலத்தில் முடிவை முதலில் சொல்லி வரம்பைப் பின்னே தொங்கவிடுவர். அவ்வமைப்பை அப்படியே பெயர்ப்பதால்தான் நம் மொழிபெயர்ப்புக் குறிப்புகள் வாலறுந்த பல்லியாகத் துடிக்கின்றன.

இவற்றையெல்லாம் கொண்டு நான் எழுதிய குறிப்பு இது. முதல் வரி தேடுவோர்க்கு: 'அறநிலையச் சட்டம் 1959, 1970ஆம் ஆண்டுத் திருத்தம், பிரிவு 55(2), அருச்சகர், வழிவழி உரிமை நீக்கம், செல்லுமா?' அடுத்தது குறிப்பு:

'முன்னவரின் வழித்தோன்றல் என்பதனால் மட்டும் எவர்க்கும் அருச்சகப் பணியுரிமை இல்லையென்னும் 55(2)ஆம் பிரிவு, ஆகமமும் வழக்கமும் ஒரு கிளையினரை வேண்டுமாயின் அக்கிளையினரையே அறங்காவலர் அமர்த்தவேண்டும் என்னும் கடப்பாட்டைத் தொடாமல், உலகியற் செயலாகிய பணியமர்த்தலை மட்டும் ஒழுங்குசெய்வதால், அரசமைப்புச் சட்டத்தின் 25, 26ஆம் உறுப்புகளுக்கு மாறன்று, செல்லும்.'

எண்ணிப் பாருங்கள், நாற்பது சொல்லுக்குள் அடங்கும். 'வேண்டுமாயின்' என்னும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஆகமம் ஒரு கிளையினரை வேண்டுகிறது' என்று எழுதியிருந்தால், மன்றம் முடிவு செய்யாத ஒன்றை நான் முடிவு செய்தவனாவேன். 'ஆயின்' என்னும் ஈற்றில் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கான இடம் திறந்தே இருக்கிறது.

எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கை அறியாத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். அருச்சகரின் மகன் அருச்சகராகலாமா? ஆகலாம் என்று அவர் சொல்லவேண்டும். இத்தீர்ப்பைக் காட்டி எவரையும் எக்கோயிலிலும் அமர்த்தலாமா? இதனை மட்டும் காட்டி இயலாது என்று சொல்லவேண்டும். இன்ன கோயிலில் இன்னாரே என்று இத்தீர்ப்பு சொல்கிறதா? சொல்லவில்லை என்று சொல்லவேண்டும். ஒரு விடை பிழைத்தாலும் பிழை அவருடையதன்று, குறிப்பினுடையது. மீண்டும் எழுதுங்கள்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நடுவர் பலர் தனித்தனிக் கரணியம் சொல்லி ஒரே முடிவுக்கு வந்த தீர்ப்புகளில் இத்தகைய ஒற்றை வரி கிடைக்காது. அங்கே எத்தனை பேர் எக்கரணியத்தில் ஒன்றுபட்டனர் என்று எண்ணி எழுதவேண்டும். ஒன்றுபடாவிடின் முடிவை மட்டும் எழுதிக் கரணியத்தை விட்டுவிட வேண்டும். சேசம்மாளில் ஐவரும் ஒரே தீர்ப்பில் நின்றதால் நமக்கு வேலை எளிதாயிற்று.

தோழர்களே, கருவறையில் நுழையும் உரிமை நம் இயக்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அக்கோரிக்கை உடையவன் நான், மறைக்கவில்லை. ஆயினும் நமக்கு மாறான பாதியை மறைத்து எழுதிய குறிப்பு, மன்றத்தில் எதிரணி வழக்குரைஞர் 'பத்தியைப் படியுங்கள்' என்றவுடன் நம் கையிலேயே முறிந்துவிடும். அன்று எனக்கு முறிந்தது. உங்களுக்கு முறியக்கூடாது. நாளை திருவில்லிபுத்தூர் மன்றத்தில் தீர்ப்பொன்றை எடுத்துக்காட்ட எழும்போது, தொகுதியில் அச்சிட்ட குறிப்பை மூடிவைத்துவிட்டு, இரவே நீங்கள் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.